மூன்றாந் தலைமுறையில் தாய்மொழி

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடல் கடந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் தாய்மொழி எவ்வாறு மூன்று தலைமுறைக்குள் தேய்ந்து மறைகின்றது என்பதும், அங்ஙனம் மறையப்போவதை எவ்வெவ் அடையாளங்களால் முன்னரே அறியலாம் என்பதும் இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். மக்களையேனும் பேரப்பிள்ளைகளையேனும் அயல்நாட்டில் வைத்திராத வீடு நம் சங்கத்தாருள் சிலவே. ஆதலின் இதனை ஏட்டளவில் நில்லாது, ஒரு குடும்பத்தின் வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே நலமென எண்ணினோம்.

முதற்கண் இத்தேய்வின் பொதுவான போக்கினைக் கூறிவிடுகின்றோம். குடியேறிய முதல் தலைமுறையார் தம் மொழியையே பேசி, புதிய நாட்டின் மொழியைத் தொழிலுக்கு வேண்டுமளவு கற்கின்றனர். அவர்தம் மக்கள் வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக இரு மொழியும் வல்லவராகின்றனர். பேரர்களோ நாட்டு மொழி ஒன்றையே தம்மொழியாகக் கொள்கின்றனர். அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பிய மக்களின் மொழிகளை ஆராய்ந்த ஜோஷுவா பிஷ்மன் முதலிய அறிஞர்கள் இம்முறையினைப் பல குலத்தாரிடத்தும் கண்டு எழுதியுள்ளனர். பிஷ்மன் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், ஒரு மொழியின் வாழ்வு பள்ளியிலும் பத்திரிகையிலும் அரசாங்கத்திலும் இருப்பதினும் மேலாக, தாய் தந்தையர் வாயினின்று குழந்தையின் வாய்க்கு அது சென்று சேர்வதிலேயே இருக்கின்றது என்று வற்புறுத்துகின்றார். இக்கூற்று எத்துணை மெய்ம்மை உடையது என்பதைச் சோதித்தறிதற்குச் சிங்கப்பூரினும் ஏற்றதோர் இடம் இல்லை.

ஏன் எனின், அயல்நாட்டில் தமிழுக்கு அரசாங்கம் நல்கத்தக்க ஆதரவு ஏறக்குறைய முழுவதும் அங்கே நல்கப்பட்டிருக்கின்றது. அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளுள் தமிழும் ஒன்று. நாணயத் தாளிலும் தமிழ் எழுத்து உண்டு. 1935 இல் தோன்றிய தமிழ் முரசு இன்றும் நாளிதழாக வெளிவருகின்றது. தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் பயில்கின்றனர். இவையெல்லாம் இருந்தும் வீட்டுப் பேச்சில் தமிழ் குறைந்துகொண்டே வருகின்றது. 2010 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், ஐந்து வயதிற்கு மேற்பட்ட குடிமக்களும் நிலைவாசிகளுமாகிய நூற்றுவருள் 3.3 பேர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழென்றனர். 2020 இல் அது 2.5 ஆயிற்று. அங்குள்ள இந்திய வகுப்பினருள் ஆங்கிலத்தையே வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2010 இல் நூற்றுக்கு 41.6 ஆக இருந்து 2020 இல் 59.2 ஆக உயர்ந்தனர். எனவே அரசாங்கத்தின் ஆதரவு வேறு, வீட்டின் வழக்கு வேறு என்பது தெளிவு.

இனி, யாம் கூறவந்த குடும்பத்திற்கு வருவோம். அவர்தம் இசைவு பெற்றே ஈண்டுக் கூறுகின்றோம். பெயர்களை மட்டும் விடுக்கின்றோம். தஞ்சை மாவட்டத்தினின்று 1949 இல் ஒருவர் சிங்கப்பூர் சென்று, செம்பவாங்கில் இருந்த ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தில் வேலைக்கு அமர்ந்தார். 1954 இல் மனைவியாரை வருவித்துக்கொண்டார். அத்தளத்தைச் சூழத் தமிழ்த் தொழிலாளர் பலர் வாழ்ந்தனர். கடையிலும் கோயிலிலும் தண்ணீர்க்குழாயடியிலும் தமிழே வழங்கியது. அவ்வம்மையாருக்கு ஆங்கிலம் கற்கவேண்டிய தேவையே எழவில்லை. மலாய் மொழியில் மட்டும் சில சொற்கள் அறிந்துகொண்டார்.

அவர்களுக்கு மக்கள் மூவர். 1956 இல் பிறந்த மகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றார். 1960 இலும் 1965 இலும் பிறந்த புதல்வர் இருவரும் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர். அக்காலத்தில் தமிழ்ப்பள்ளியிற் பயின்றோர்க்கு உத்தியோகம் கிடைப்பது அரிதாயிருந்தமையின், பெற்றோர் பலரும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே மாற்றினர். தமிழைப் பயிற்று மொழியாகக் கொண்ட பள்ளிகள் மாணாக்கரின்றி ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இறுதியில் நின்ற உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியும் 1982 இல் முடிவெய்தியது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழியாயிற்று.

1971 இல் ஆங்கிலேயர் படை நீங்கவே, தளத்தைச் சூழ இருந்த குடியிருப்பும் கலைந்தது. இக்குடும்பத்தார் சில ஆண்டுகட்குப்பின் ஆங் மோ கியோ என்னும் புதுநகரில் அடுக்குமாடி வீடொன்றில் குடிபுகுந்தனர். அண்டை அயலார் பெரும்பாலும் சீனர். 1989 முதல், ஒரு வட்டாரத்திலும் ஒரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தாரும் இத்துணை விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்று அந்நாட்டு அரசாங்கம் வரம்பும் வகுத்தது. இனங்களுக்குள் ஒற்றுமை நிலவுதற்பொருட்டு வகுக்கப்பட்ட அவ்வரம்பினைக் குறைகூறுவது எம் கருத்தன்று. ஆயினும் அண்டைவீட்டுக் குழந்தையோடு விளையாடித் தமிழ் வளரும் வழி அதனோடு அடைபட்டது என்பதைக் குறித்தல் வேண்டும். தெருவில் இருந்த தமிழ் போயிற்று. எஞ்சியது வீட்டுக்குள் இருந்த தமிழே. ஆகவே இனி எல்லாம் வீட்டின்மேலேயே நின்றது.

மக்கள் மூவரும் மணம்புரிந்து மூன்று வீடாயினர். 2015 இல் யாம் அங்குச் சென்று மூன்று வாரம் தங்கியபொழுது அம்மூன்று வீட்டிலும் மாறி மாறி இருந்து பேரப்பிள்ளைகள் அறுவரையும் கண்டோம்.

மூத்த மகளின் வீட்டில் புதல்வர் இருவர். 1982 இலும் 1985 இலும் பிறந்தவர். இருவரும் தமிழில் தங்குதடையின்றிப் பேசுகின்றனர். மூத்தவர் நாளிதழும் படிக்கின்றார். இரண்டாமவர் வீட்டில் புதல்வியர் இருவர். 1990 இலும் 1993 இலும் பிறந்தவர். தமிழில் நாம் கூறுவதைப் பெரிதும் விளங்கிக்கொள்கின்றனர்; மறுமொழி மட்டும் ஆங்கிலத்திலேயே வருகின்றது. மூன்றாமவர் வீட்டில் 1998 இல் பிறந்த மகள் தமிழ் பேசுகின்றாள். 2003 இல் பிறந்த மகனோ கேட்பான், ஓரிரு சொல்லால் விடையிறுப்பான், வாக்கியமாகப் பேசமாட்டான்.

ஒரே பாட்டன் பாட்டி, ஒரே நகரம், ஒரே சட்டம், ஒரே பாடத்திட்டம். முடிவு மட்டும் மூன்று வகை. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

நம்மவர் முதலிற் கூறுவது திருமணத்தையே ஆம். வேற்று மொழியாரை மணந்தால் மொழி போய்விடும், நம்மவருக்குள் மணந்தால் நிலைக்கும் என்பர். இக்குடும்பம் அக்கூற்றை அப்படியே ஏற்க இடந்தருவதில்லை. தமிழ் பேசாத புதல்வியரின் தாயார் நம் வகுப்பினரே. நம் மாவட்டத்துக் குடும்பத்தினரே. அவர் சிங்கப்பூரிற் பிறந்து ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவர். கணவரும் மனைவியும் தம்முள் ஆங்கிலமே பேசிக்கொண்டனர், மக்களிடத்தும் அவ்வாறே, பாட்டியார் வரும்பொழுது மட்டும் தமிழ் எழுந்தது. மூன்றாமவரோ மலையாளம் பேசும் குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். அவ்வம்மையார் மக்களிடம் ஆங்கிலம் பேசினார். தந்தையோ பிறந்த நாள் தொட்டுத் தம் மகளிடம் தமிழன்றி வேறு பேசிற்றிலர். மகள் தமிழ் கற்றாள். எனவே மணம் ஒரு காரணமே எனினும், அது குலத்தின் வழியாக அன்று, நாவின் வழியாகவே செயற்படுகின்றது. யார் யாரை மணந்தார் என்பதினும், மணந்தபின் குழந்தையிடம் யார் எம்மொழியிற் பேசினார் என்பதே வினா.

இதனை ஒரு குடும்பத்தைக் கொண்டு மட்டும் கூறுதல் சாலாது. பெல்ஜியம் நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதியில் டச்சு மொழி வழங்குகின்றது. அங்கே டச்சு அல்லாத மொழியைப் பெற்றோரில் ஒருவரேனும் வீட்டில் பேசும் குடும்பங்கள் 1,899 ஐ அன்னிக் டெ ஹௌவர் என்னும் அம்மையார் வினாத்தாள் வாயிலாக ஆராய்ந்து 2007 இல் முடிவுகளை வெளியிட்டார். பெற்றோர் இருவரும் வீட்டில் தம் மொழியையே பேசிய குடும்பங்களில் நூற்றுக்கு 97 இல் பிள்ளைகள் அம்மொழியைப் பேசினர். இருவரும் தம் மொழி பேசினும் அவருள் ஒருவர் டச்சும் கலந்தால் 93. இருவருமே இரண்டையும் பேசினால் 79. ஒருவர் தம் மொழி மட்டும், மற்றவர் டச்சு மட்டும் எனின் 74. இருவரும் டச்சு பேச, அவருள் ஒருவர் மட்டும் தம் மொழியையும் இடையிடையே பேசினால் 36.

இவ்வெண்களை நம் மூன்று வீட்டோடும் பொருத்திக் காண்க. மூத்த மகளும் அவர் கணவரும் வீட்டில் தமிழே பேசினர். அவர் வீடு 97 இன் வகுப்பைச் சார்ந்தது. மூன்றாமவர் வீடு ஏறத்தாழ 74 இன் வகுப்பு. இரண்டாமவர் வீடு 36 இன் வகுப்பு. ஈண்டு ஒன்றை நுணுகி நோக்குதல் வேண்டும். தாய் ஒரு மொழி, தந்தை ஒரு மொழி என்று முழுதும் பிரித்துப் பேசும் வீட்டினும், இருவரும் இரு மொழியும் பேசும் வீடு சிறிதேனும் தாழவில்லை. மொழிகளைக் கலவாது பிரித்துவைத்தலே உயிர் என்று சிலர் கூறுவது இக்கணக்கால் நிலைபெறுவதில்லை. நாட்டு மொழி வீட்டினுள் எத்துணை நுழைந்தது என்பதும், நம் மொழி பேசுவோர் ஒருவரா இருவரா என்பதுமே பெரிதும் பயன்படுகின்றன. வெளியுலகம் முழுதும் நாட்டு மொழிக்கு ஆதரவாக இருத்தலின், அது வீட்டினின்று சிறிது உதவியும் வேண்டாமலே குழந்தையை வந்தடையும். நம் மொழிக்கோ வீடு ஒன்றே துணை.

பெற்றோர் பேசினால் மட்டும் போதுமோ எனின், போதாது. குழந்தை வேற்று மொழியில் மறுமொழி கூறும்பொழுது பெற்றோர் என்செய்கின்றனர் என்பது அடுத்த காரணம். நார்வே நாட்டில் ஆங்கிலமும் நார்வேஜிய மொழியும் வழங்கும் குடும்பங்களை எலிசபெத் லான்ஸா என்னும் அம்மையார் அணுகி நோக்கி, பெற்றோர் செய்வன ஐவகை என்று வகுத்து 1997 இல் நூலாக வெளியிட்டார். அவற்றைத் தமிழ் வீட்டிற்குப் பொருத்திச் சொல்கின்றோம். குழந்தை ஆங்கிலத்தில் "வாட்டர்" என்று கேட்கின்றது. ஒரு தாய், "என்ன கேட்டே? விளங்கலையே" என்பார். ஒருவர், "தண்ணியா வேணும்?" என்று வினவி, ஆம் என்னச் செய்வார். ஒருவர், "தண்ணி வேணுமாம், இந்தா தண்ணி" என்று அதனைத் தமிழாக்கிக் கூறிக் கொடுப்பார். ஒருவர் வாய்திறவாது தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒருவர் தாமும் ஆங்கிலத்திலேயே விடையிறுப்பார்.

இவ்வைந்தும் ஒரு படிக்கட்டுப் போன்றன. மேற்படியில் குழந்தை தமிழ்ச்சொல்லைத் தானே தேடி உரைக்கவேண்டும். கீழ்ப்படியில் தமிழுக்குத் தேவையே இல்லை. மூன்றாமவர் தம் மகளிடம் முதல் மூன்று வகையையே கையாண்டார். அச்சிறுமி ஆங்கிலத்தில் கேட்டால், சினவாமலும் கடியாமலும், தமக்கு விளங்கவில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சிறிது காத்திருப்பாராம். இரண்டாமவர் வீட்டிலோ, குழந்தைகள் தமிழை ஓரளவு பேசிய மூன்றாம் வயதிலேயே, பிலிப்பீன் நாட்டுப் பணிப்பெண் ஒருத்தி வீட்டிலிருந்து அவர்களை வளர்த்தாள். அவளிடம் ஆங்கிலமன்றி வேறு செல்லாது. பெற்றோர் மாலையில் வேலை முடிந்து வந்தபின் குழந்தை எம்மொழியிற் பேசிற்றோ அம்மொழியிலேயே விடையிறுத்தனர். அவர்கள் தமிழை வெறுத்தவரல்லர், களைத்து வந்தவர். ஆனாற் குழந்தை கற்ற பாடம், தமிழின்றியே எல்லாம் நடைபெறும் என்பது.

ஈண்டுப் பாட்டியாரின் பங்கினையும் கூறவேண்டும். அவர் மூத்த மகளின் வீட்டிலேயே வாழ்ந்தார். அவ்வீட்டுச் சிறுவர் பள்ளியினின்று வந்ததும், பசித்தது, விழுந்தது, அடித்தது, அழுதது எல்லாவற்றையும் ஆங்கிலம் அறியாத ஒருவரிடமே சொல்லவேண்டியிருந்தது. அவர் "விளங்கலையே" என்று கூறியது நடிப்பன்று, உண்மை. ஆங்கிலம் அறியாமையை நாம் குறையென்கின்றோம். அக்குறையே அவ்வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழாசிரியராயிற்று. மற்றை இரு வீட்டிற்கும் அவர் திங்களுக்கு இருமுறை வந்துசென்ற விருந்தினரே.

மூன்றாவது காரணம் பிறந்த வரிசை. மூன்றாமவர் வீட்டில் தந்தை மாறவில்லை; மகன் மட்டும் பேசாதொழிந்தான். அவன் பிறந்தபொழுது தமக்கைக்கு ஐந்து வயது. இரண்டு ஆண்டில் அவள் பள்ளியில் ஊன்றிவிட்டாள். பள்ளி மொழியை வீட்டுக்குள் கொணர்வது பெரும்பாலும் தலைப்பிள்ளையே. தமக்கை தம்பியோடு விளையாடியதும் சண்டையிட்டதும் ஆங்கிலத்தில். தலைப்பிள்ளைக்குப் பேச்சுத்துணை பெற்றோரே. இளைய பிள்ளைக்கோ உடன்பிறந்தார். ஆதலின் தந்தை தந்த தமிழின் அளவு ஒன்றேயாயினும், மகன் கேட்ட ஆங்கிலத்தின் அளவு மிகுதியாயிற்று. மூத்த மகளின் வீட்டிலும் சகோதரர் இருவரும் தம்முள் ஆங்கிலமே பேசிக்கொண்டனர் என்பதனை யாம் கண்டோம். அங்கே இழப்பைத் தடுத்தவர் பாட்டியாரே. முதற்குழந்தை தமிழ் பேசுகின்றது, ஆதலின் அடுத்ததும் தானே பேசும் என்று வாளாவிருத்தல் இவ்விடயத்தில் பலரும் ஏமாறும் இடமாகும்.

இனிப் பள்ளியைப்பற்றிக் கூறுவோம். தமிழாசிரியராகிய எமக்கு இது நெருங்கிய செய்தி. இரண்டாமவரின் புதல்வியர் இருவரும் பத்தாண்டு தமிழைப் பாடமாகக் கற்றுத் தேறியவர். கட்டுரை எழுதிப் பரிசிலும் பெற்றவர். எழுத்துக்கூட்டிப் பிழையின்றிப் படிக்கின்றனர். ஆனால், பாட்டியாரிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்க நாவெழவில்லை. வியப்பாகத் தோன்றினும் காரணம் வெளிப்படை. தமிழில் எழுதும் மொழி ஒன்று, பேசும் மொழி ஒன்று. "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று ஏட்டில் உள்ளது வீட்டில் "வந்துக்கிட்டிருக்காங்க" என்றாகின்றது. தமிழ்நாட்டுக் குழந்தை பேச்சுத்தமிழை வீட்டிலிருந்தே கொண்டுவருகின்றது; பள்ளி அதன்மேல் ஏட்டுத்தமிழைக் கட்டுகின்றது. பேச்சுத்தமிழ் இல்லாத வீட்டினின்று வந்த குழந்தைக்கு ஏட்டுத்தமிழை மட்டும் கற்பித்தால், அஃது எவரிடத்தும் பேசுதற்கு உதவாத மொழியாக நிற்கின்றது. பேசினாலோ நூல்போற் பேசுகின்றாள் என்று பிறர் நகைப்பர். நகைப்புக்கு அஞ்சி வாய்மூடுவாள். அந்நாட்டுக் கல்வியமைச்சு இதனை உணர்ந்து, 2005 இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்தபொழுது வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடந்தருமாறு திருத்தியது. செய்யுள் வழக்கோடு உலக வழக்கையும் மொழியின் ஒரு கூறாகவே நம் இலக்கணநூலார் கொண்டனர். ஆதலின் பேச்சுத்தமிழைக் கொச்சையென்று ஒதுக்குதல் பண்டிதர்க்கும் முறையன்று. குழந்தையின் நாவில் முதலில் வேர்விடுவது அதுவே.

அங்ஙனமாயின் பள்ளியாற் பயனில்லையோ எனின், உண்டு. மூத்த மகளின் மூத்த புதல்வர் நாளிதழ் படிப்பது பள்ளி தந்த பயனே. வீட்டில் பேச்சு இருந்தவிடத்துப் பள்ளி அதனை எழுத்தாகவும் படிப்பாகவும் வளர்த்தது. இல்லாதவிடத்து அது பேச்சைப் படைத்துத்தர இயலவில்லை. கொழுகொம்பு கொடிக்கு உதவும், வித்து வேறு.

மொழி தேய்கின்றது என்பதனை எவ்வாறு அறிவது? பெற்றோர் பலர், "எங்கள் குழந்தைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், சொன்னதெல்லாம் விளங்கும்" என்பர். விளங்குதல் வேறு, பேசுதல் வேறு. தேய்வு ஒரே நாளில் நிகழ்வதன்று; முதலில் பேச்சுச் சுருங்கும், விளங்குதல் நெடுங்காலம் நிற்கும். அந்நிலையிலுள்ள தாய் தன் குழந்தைக்குத் தமிழைக் கொடுக்க இயலாதவளாகின்றாள். ஆதலின் இரண்டாந் தலைமுறையில் யாவும் நன்று என்று தோன்றிய வீட்டில் மூன்றாவதில் திடீரென அற்றுப்போனதுபோற் காணப்படுகின்றது.

இதனைச் சோதிக்க எளிய வழிகள் மூன்று உள. முதலாவது, தமிழில் கேட்ட வினாவிற்குக் குழந்தை எம்மொழியில் விடையிறுக்கின்றது என்று நோக்குக. இரண்டாவது, உடன்பிறந்தார் தம்முள் சண்டையிடும்பொழுது எம்மொழி எழுகின்றது என்று நோக்குக. சினத்தில் வருவதே அவர்தம் முதன்மொழி. மூன்றாவது, அன்று பள்ளியில் நடந்ததனை, ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் தொடக்கம் முதல் முடிவு வரை கூறச்செய்க. பெயர்ச்சொற்கள் வரும், உணவுப்பெயரும் உறவுமுறைப்பெயரும் தவறா. இடறுவது வினைச்சொல்லின் ஈறுகளிலும் வேற்றுமை உருபுகளிலுமே ஆம். மூன்றாமவரின் மகனிடம் யாம் கண்டது மற்றொன்று. கேட்பவரை உள்ளிட்டுக் கூறும் 'நாம்' என்பதற்கும் நீக்கிக் கூறும் 'நாங்கள்' என்பதற்கும் அவனிடம் வேற்றுமையில்லை. "நாம கடைக்குப் போனோம்" என்றான் எம்மிடம், யாம் உடன்சென்றிலேம். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் சொல் ஒன்றே ஆதலின், அதன் அச்சிலே தமிழை வார்த்துவிட்டான். சொல் தமிழாயிருப்பினும் உள்ளே இலக்கணம் மாறத் தொடங்கியதற்கு அஃது அடையாளம்.

யாம் கூறியவற்றிற்கு எல்லையும் உண்டு. பிளாண்டர்ஸ் நாட்டுக் கணக்கு பெற்றோர் தாமே எழுதித்தந்ததன்மேல் எழுந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதித்தறிந்ததன்று. அது 'பேசுகின்றாரா' என்றே வினாவிற்று. எத்துணை நன்றாகப் பேசுகின்றார் என்று வினவவில்லை. மேலும் 97 என்பதும் 36 என்பதும் பல குடும்பங்களை ஒருங்குவைத்து எண்ணியதால் வந்தன. 36 இன் வகுப்பிலும் பேசும் பிள்ளைகள் உளர். 97 இன் வகுப்பிலும் பேசாதார் சிலர் உளர். ஒரு குடும்பத்திற்கு அவை விதியன்று. வானத்தைப் பார்த்து மழைவரும் என்று கூறுவதுபோன்ற குறியே. எம் குடும்பமும் ஒன்றே. அதனால் ஒன்று நிகழக்கூடும் என்பது விளங்குமேயன்றி, எங்கும் அவ்வாறே நிகழும் என்பது போதராது.

மற்றொன்று. தமிழ் பேசாத புதல்வியர் இருவரும் கெட்டவரல்லர். பெற்றோரும் கடமை மறந்தவரல்லர். நல்ல கல்வியும் நல்ல உத்தியோகமும் பெற்று அன்போடு வாழ்கின்றனர். இழந்தது யாது எனின், அதனையும் கூறிவிடுகின்றோம். பாட்டியார் 2016 இல் காலமாயினார். இறுதித் திங்களில் அப்பேத்தியர் நாள்தோறும் மருத்துவமனை சென்று கட்டிலருகே இருந்தனர். அவர் தஞ்சையில் தம் இளமையைப்பற்றியும், 1954 இல் கப்பலேறியதைப்பற்றியும் இடைவிடாது பேசினாராம். இவர்கள் எல்லாம் கேட்டனர், பெரும்பாலும் விளங்கிற்று. ஆனால், ஒரு வினாவும் கேட்க இயலவில்லை. கப்பலில் அவருடன் வந்தவர் யார் என்று அறிய விரும்பினோம், அதனைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்று மூத்தவள் எமக்குப் பின்னர் ஆங்கிலத்தில் எழுதினாள். அவ்விடை இப்பொழுது எவரிடத்தும் இல்லை.

நம் சங்கத்தார் செய்யத்தக்கதனைச் சுருங்கக் கூறி முடிக்கின்றோம். அயல்நாட்டிலுள்ள பேரப்பிள்ளைகளோடு நீவிர் வாரந்தோறும் தொலைபேசியில் முகம்பார்த்துப் பேசுகின்றீர்கள். குழந்தை ஆங்கிலத்தில் பேசினால், உமக்கும் சிறிது ஆங்கிலம் தெரியும் என்று காட்டும் ஆவலால் நீவிரும் ஆங்கிலத்திற் பேசாதீர்கள். அக்குழந்தையின் உலகில் தமிழின்றிச் செல்லாத மனிதர் ஒருவரேனும் வேண்டும். அவ்வொருவராக இருக்க உம்மினும் ஏற்றவர் இலர். அதன் தமிழ் பிழைபட்டால் நகையாதீர்கள்; பிழையின்றி நீவிர் ஒருமுறை திருப்பிச் சொன்னாற் போதும். வழக்கமாக மூத்த குழந்தையோடு பேசிவிட்டு இளையதனைப் பார்த்துக் கையசைத்து முடிக்கின்றீர்கள். இளையதனோடு இருமடங்கு பேசுக. நும் மக்களிடம், பள்ளியிற் சேர்த்துவிட்டோம் என்று அமையவேண்டாம், குழந்தை ஆங்கிலத்தில் கேட்டதற்கு நேற்று நீ எம்மொழியில் விடையிறுத்தாய் என்று கேளுங்கள்.